ஐம்பது நோட்டு, ஒரு கரும்பலகை: கோளாறு எங்கே என்று பார்க்கும் வழி

ஏற்காட்டு மலையில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இரண்டு பிரிவாக இருந்தவர்களை ஒரே அறையில் உட்கார வைத்திருப்பதால் வருகைப் பதிவேட்டில் ஐம்பது பெயர். பள்ளியில் பிரிண்டர் கிடையாது. கடையில் நகல் எடுத்தால் ஒரு பக்கம் இரண்டு ரூபாய் என்றாலும் ஒரு பயிற்சித்தாளுக்கு நூறு ரூபாய். அந்தக் கணக்கை ஒரு மாதம் போட்டுப் பார்த்துவிட்டுத் தாளை மறந்தேன். கரும்பலகைதான் பயிற்சித்தாள், நோட்டுதான் விடைத்தாள்.

இந்த ஏற்பாடு அடிக்கடி பழுதாகும். எப்படிப் பழுதாகிறது என்பதை வைத்துக் கீழே பிரித்திருக்கிறேன். உங்கள் வகுப்பில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். எந்தத் தலைப்புக்குப் போனாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் பலகை, அடுத்து பார்த்து எழுதுவது, கடைசியாகத்தான் கணக்கு. நான் பல ஆண்டுகள் இதைத் தலைகீழாகச் செய்தேன். பிள்ளைக்குப் பின்னம் புரியவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப நடத்தியபோது, அவனுக்குப் பலகையில் இருந்த 8 வெறும் 3 ஆகத் தெரிந்துகொண்டிருந்தது.

உதாரணங்களெல்லாம் பின்னக் கூட்டலிலிருந்து எடுத்தவை. மூன்றாம் பருவத்தில், பகுதிகள் வெவ்வேறாக உள்ள வேற்றினப் பின்னங்கள் வரும்போதுதான் என் வகுப்பு அதிகம் தடுமாறும்.

அறிகுறி 1: பாடவேளை முழுவதும் எழுதியெடுப்பதிலேயே போய்விடுகிறது

நாற்பது நிமிடத்தில் பத்துக் கணக்கு என்று திட்டமிட்டிருப்பீர்கள். மணி அடிக்கும்போது பாதிப்பேர் ஐந்தாவது கணக்கின் கேள்வியை எழுதிக்கொண்டிருப்பார்கள். போட்ட கணக்கு இரண்டு.

செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். கேள்வியை நோட்டில் எழுதச் சொல்கிறீர்களா? வேண்டாம். ‘பின்வருவனவற்றைக் கூட்டுக’ என்ற வரியை ஐம்பது பேரும் எழுதுவதால் யாருக்கும் பின்னம் வராது. தேதி, கணக்கின் எண், பின்னங்கள், செய்முறை, விடை ஆகியவை போதும். வார்த்தைக் கணக்கு என்றால் பாடநூலிலேயே இருப்பதைக் கொடுங்கள். புத்தகம் எல்லோர் கையிலும் இருக்கிறது. பலகையில் பக்க எண்ணையும், மாற்ற வேண்டிய எண்களையும் மட்டும் எழுதினால் போதும்: ‘3-ஆம் கணக்கு, 1/2 க்குப் பதில் 2/5.’

இதற்கும் குறையவில்லை என்றால், நீங்கள் எப்போது எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். ஆசிரியர் முதுகைக் காட்டி எழுதும் ஏழு நிமிடமும் வகுப்புக்கு விடுமுறை. அதில் கெட்டுப்போகும் அமைதியை மீட்க இன்னும் மூன்று நிமிடம். நான் மாதக் காலண்டர் தாள்களைச் சேர்த்து வைக்கிறேன். பின்புற வெள்ளையில் முந்தைய மாலையே தடித்த பேனாவால் ஆறு கணக்கு எழுதிவிட்டால் காலையில் ஆணியில் மாட்டுவதோடு வேலை முடிந்தது. அடுத்த ஆண்டுக்கும் அதே தாள் உதவும். மளிகைக் கடைக்காரர்கள் கொடுக்கும் பெரிய காலண்டர்தான் இதற்கு ஏற்றது. தினசரி கிழிக்கும் காலண்டர் உதவாது.

இவ்வளவும் செய்தபிறகும் நாலைந்து பேர் மட்டும் பின்தங்கினால் கோளாறு உங்கள் பலகையில் இல்லை. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 2: விடை சரி, ஆனால் பலகையில் இல்லாத கணக்குக்கு விடை

பலகையில் 3/8 + 1/4 இருக்கிறது. நோட்டில் 3/3 + 1/4 இருக்கிறது. அதைச் சரியாகவே கூட்டியும் இருக்கிறான். இதற்குத் தவறு போடுவது அநியாயம்.

*பல பேருக்கு ஒரே நாளில் இப்படி வந்தால்* பலகையைப் பாருங்கள். பிள்ளைகள் வருவதற்கு முன் அறையின் நான்கு மூலைகளிலும் அவர்கள் பெஞ்சில், அவர்கள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. என் அறையில் இடப்பக்க ஜன்னலின் வெளிச்சம் பலகையின் வலது மூன்றில் ஒரு பங்கில் பட்டுப் பளபளக்கும். வலக்கோடி வரிசைக்கு அங்கே எழுதியது ஒன்றும் தெரியாது. ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினேன், தீர்ந்தது. அந்த ஒரு கதவுக்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பேன் என்று இப்போது கூச்சமாக இருக்கிறது.

எழுத்தின் அளவு அடுத்தது. கடைசி பெஞ்சுக்குத் தெரிய வேண்டுமானால் ஓர் இலக்கம் உங்கள் கட்டைவிரல் உயரத்துக்காவது இருக்க வேண்டும். முழு எண்களை எல்லோரும் பெரிதாகத்தான் எழுதுகிறோம். பின்னம் எழுதும்போது, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இடம் பிடிப்பதால், நம்மை அறியாமல் பாதியாகச் சுருக்கிவிடுகிறோம். பின்னத்துக்கு இரண்டு வரியின் இடம் கொடுங்கள். நடுக்கோட்டை ஸ்கேல் வைத்ததுபோல் அழுத்தி இழுங்கள். அது மங்கினால் 3/4 என்பது 34 ஆகிவிடும்.

மலைக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. மூடுபனிக் காலையில் பலகை வேர்த்திருக்கும். சாக்பீஸ் வழுக்கும், அல்லது குழைந்து ஒட்டும். காலையில் ஈரத்துணியால் துடைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஈரத்துணி மாலையில், உலர்ந்த துணி காலையில். சாக்பீஸ் டப்பாவை மூடி வைத்து உள்ளே ஒரு கைப்பிடி அரிசி போட்டால் நமத்துப் போவது குறைகிறது. முதல் பாடவேளையில் பலகை காயவே இல்லை என்றால் காலண்டர் தாளை மாட்டிவிட்டுப் பலகையை மதியத்துக்கு விடுங்கள்.

பலகையே வெளுத்துப் போயிருந்தால் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசும் பழைய வைத்தியம் இருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு அது வெள்ளிக்கிழமைத் திருவிழா. கையெல்லாம் கறுப்பாக வீட்டுக்குப் போவோம். மலை ஈரத்தில் அந்தப் பூச்சு நீடிப்பதில்லை என்பது என் அனுபவம். கரும்பலகைப் பெயிண்டை வாங்கி, வெயில் அடிக்கும் சனிக்கிழமை பார்த்து ஒரு பெயிண்டரைக் கூப்பிடுவதே மேல். பளபளக்கும் எனாமல் பெயிண்டை மட்டும் அடிக்க விடாதீர்கள். ஜன்னல் கதவைச் சாத்தியும் தீராது.

*ஒரே பிள்ளைக்கு நாள்தோறும் வந்தால்* சோதனை எளிது. அவளை மூன்று நாள் முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். எழுதியெடுப்பதில் பிழை மறைந்துவிட்டால் கண் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லலாம், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் பெயரைக் கொடுத்து வைக்கலாம். கண்ணாடி வரும்வரை முதல் பெஞ்சு அவளுடையது. முதல் பெஞ்சிலும் பிழை மறையவில்லையா? பாடநூலைப் பக்கத்தில் வைத்து அதிலிருந்து ஐந்து கணக்கை எழுதச் சொல்லுங்கள். ஒரு முழ தூரத்தில் இருப்பதையும் மாற்றி எழுதினால், இலக்கங்கள் திரும்பத் திரும்ப இடம் மாறினால், அது ஆசிரியர் அதட்டித் தீர்க்கும் விஷயமல்ல. வட்டார வள மையத்துக்குத் தகவல் கொடுத்து சிறப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து கணக்கு எழுதிய பக்கத்தை எடுத்து வையுங்கள். ‘சரியாகப் படிப்பதில்லை’ என்று நீங்கள் வாயால் சொல்வதைவிட அந்தப் பக்கம் அவருக்கு அதிகம் சொல்லும்.

அறிகுறி 3: ஒரு பெஞ்சு முழுவதும் ஒரே விடை, ஒரே பிழை

ஐந்து பேர் நெருக்கி உட்காரும் பெஞ்சில் பக்கத்து நோட்டைப் பார்க்காதே என்பது மூச்சுவிடாதே என்பதுபோல. கண் தானாகப் போகும். எல்லோருக்கும் ஒரே கணக்கு கொடுத்ததுதான் காரணம். இடதுபக்கத்துக்கு ஒன்று, வலதுபக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு தொகுப்பு எழுதினால் ஓரளவு தீரும், ஆனால் பலகையில் இடம் இரட்டிப்பாகும்.

என்னிடம் நிலைத்துவிட்ட வழி, வருகைப் பதிவேட்டு எண்ணைப் பயன்படுத்துவது. பலகையில் இரண்டே வரி:

‘உன் வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தோடு 2 கூட்டு. வருவது ந.
1/ந + 1/3 எவ்வளவு?’

வரிசை எண் 27 என்றால் கடைசி இலக்கம் 7, ந என்பது 9, அவள் கணக்கு 1/9 + 1/3. பக்கத்தில் இருக்கும் 28-க்கு 1/10 + 1/3. வரிசை எண்படி உட்கார வைத்தால் ஒரு பெஞ்சில் ஒரே கணக்கு இருவருக்கு வராது. ஐம்பது பேருக்குப் பத்துக் கணக்கு, ஒரு கணக்குக்குச் சரியாக ஐந்து பேர். ஆசிரியருக்குத் தேவை பத்து வரி விடைச்சீட்டு. அதை என் நோட்டின் பின்னட்டையில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன். முதலில் கடைசி இலக்கம், அடுத்து சரியான விடை, அதற்கடுத்து மேலும் மேலும் கீழும் கீழும் கூட்டினால் வரும் தவறான விடை:

0 — 5/6 — 2/5
1 — 2/3 — 2/6
2 — 7/12 — 2/7
3 — 8/15 — 2/8
4 — 1/2 — 2/9
5 — 10/21 — 2/10
6 — 11/24 — 2/11
7 — 4/9 — 2/12
8 — 13/30 — 2/13
9 — 14/33 — 2/14

மூன்றாவது பத்திதான் இந்தச் சீட்டின் உயிர். ஏன் என்று 5-ஆம் அறிகுறியில் வரும்.

இதில் நான் மாட்டிக்கொண்ட இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். இலக்கம் 1-க்கு ந என்பது 3, ஆகவே அவர்கள் கணக்கு 1/3 + 1/3. பகுதிகள் சமம், மிகச் சுலபம். அவர்கள் சரியாகப் போட்டதை வைத்து வேற்றினப் பின்னம் வந்துவிட்டது என்று நம்பக்கூடாது. மறுநாள் 2-க்குப் பதில் 4 கூட்டச் சொல்லுங்கள், பகுதிகள் சமமான சுலபக் கணக்கு யாருக்கும் வராது; 1-க்காரர்களுக்கு உண்மையான வேற்றினக் கணக்காக 1/5 + 1/3 வரும். இரண்டாவது, இலக்கம் 4-க்கு 3/6 என்றோ 9/18 என்றோ எழுதியிருந்தாலும் சரிதான், 7-க்கு 12/27 சரிதான். சுருக்கவில்லை, அவ்வளவே. முதல்முறை இவற்றை அவசரத்தில் தவறு என்று ஒதுக்கிவிட்டு, ஒரு சிறுமி நோட்டோடு வந்து நின்றபிறகுதான் என் தவறைப் பார்த்தேன்.

அறிகுறி 4: திருத்த வேண்டிய நோட்டு குவிந்துகொண்டே போகிறது

ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஐம்பதுக்கு நூறு நிமிடம். யாராலும் தினமும் முடியாது. முடியாததால் பத்து நாள் வேலையை ஒரே இரவில் சிவப்பு மையில் குளிப்பாட்டித் திருப்பிக் கொடுக்கிறோம். பத்து நாளுக்கு முன் செய்த பிழையைப் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காது. அட்டையைத் திறந்து எத்தனை ‘குட்’ என்று எண்ணிவிட்டு மூடிவிடும்.

முதலில் எத்தனை கணக்கைத் திருத்துகிறீர்கள் என்று பாருங்கள். வகுப்பில் ஆறு கணக்கு போட்டிருந்தாலும் நான் அன்றே பார்ப்பது ஒன்றே ஒன்று, கடைசி ஐந்து நிமிடத்தில் போடும் வரிசை எண் கணக்கு. மற்றவற்றின் விடையைப் பலகையில் எழுதிவிடுவேன். அவர்களே பென்சிலால் சரிபார்த்துக்கொள்வார்கள்.

அடுத்து, எப்படி வாங்குகிறீர்கள்? மூடிய நோட்டு ஒவ்வொன்றிலும் பக்கம் தேடவே கால் நிமிடம் போகும். சுவரோரம் உள்ள நீள பெஞ்சில் 0 முதல் 9 வரை சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். வெளியே போகும்போது அவரவர் கடைசி இலக்கத்தின் மேல் நோட்டை விரித்தபடி கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். பத்து அடுக்கு, ஓர் அடுக்கில் ஐந்து நோட்டு. ஓர் அடுக்குக்கு ஒரே விடைதான் என்பதால் சீட்டை ஐந்து நோட்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு நோட்டுக்குப் பத்து நொடி, மொத்தம் எட்டு ஒன்பது நிமிடம். இடைவேளையில் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அந்தப் பத்து நொடியில் நோட்டில் எதையும் எழுதுவதில்லை. மூன்று குவியலாகப் பிரிப்பது மட்டுமே வேலை: விடை சரி, சீட்டின் மூன்றாவது பத்தியில் உள்ள தவறு, வேறு தவறு. பிரித்து முடித்ததும் எண்ணி, தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் குவியலுக்கு ஓரத்தில் ஒரு புள்ளி, மூன்றாம் குவியலுக்கு இரண்டு புள்ளி. பிள்ளைகளுக்குப் புள்ளியின் பொருள் தெரியும். அது மதிப்பெண் அல்ல, நாளை எந்த வேலை என்பதற்கான அடையாளம்.

முழுத் திருத்தமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கையெழுத்து, தேதி, விட்டுப்போன பக்கம் இவற்றையெல்லாம் யாராவது பார்க்கத்தான் வேண்டும், ஆய்வுக்கு வருபவரும் பார்ப்பார். நாளுக்குப் பத்து நோட்டு என்று வைத்துக்கொண்டால் திங்கள் முதல் வெள்ளிக்குள் ஐம்பதும் ஒரு சுற்று வந்துவிடும். இன்று 0, 1 அடுக்குகள், நாளை 2, 3. அந்தப் பத்துக்கு இரண்டு நிமிடம் செலவிடலாம்.

அறிகுறி 5: திருத்திக் கொடுத்தும் அதே பிழை திரும்புகிறது

இதுதான் ஆசிரியர் அறையில் அதிகம் கேட்கும் புலம்பல். ஒரு ஜனவரி நாளை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வந்திருந்தவர்கள் 43 பேர். சரி என்ற குவியலில் 17, மேலும் கீழும் கூட்டியவர்கள் 14, வேறு தவறு 12.

பதினேழில் மூன்று பேர் 1-ஆம் இலக்கத்தின் சுலபக் கணக்குக்காரர்கள். ஆகவே உண்மையில் வந்தது பதினாலு பேருக்கு. அதே 1-ஆம் இலக்கத்தில் ஒருவன் 1/3 + 1/3 = 2/6 என்று எழுதியிருந்தான். பகுதிகள் சமமாக இருந்தும் கூட்டியிருக்கிறான். அவன் வேற்றினப் பின்னத்தில் தடுமாறவில்லை, பின்னம் என்றால் என்ன என்பதிலேயே நிற்கிறான். அவன் பெயரைத் தனியாகக் குறித்தேன்.

முதல் காரணத்தை இங்கே தேடுங்கள்: தவறு என்று மட்டும் சொன்னீர்களா, ஏன் தவறு என்று அவர்களே பார்க்கும்படி செய்தீர்களா? சிவப்புப் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் சரியான விடையை எழுதிக் கொடுத்தால் பிள்ளை அதைப் பார்த்து எழுதிவிட்டு மறுநாள் 2/7-க்கே திரும்புவாள். அவளுக்கு 2/7 இன்னும் நியாயமாகத்தான் படுகிறது. இரண்டு ஒன்று இரண்டு, நாலும் மூன்றும் ஏழு. கூட்டல் என்றால் கூட்டல்தானே.

மறுநாள் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதினேன்: 1/4 + 1/3 = 2/7. சரியா தவறா என்று கேட்கவில்லை. எல்லோரையும் நோட்டில் ஸ்கேல் வைத்து 12 செ.மீ. கோடு ஒன்று போடச் சொன்னேன். அந்தக் கோடுதான் முழு ஒன்று. அதில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு? 4 செ.மீ. நான்கில் ஒரு பங்கு? 3 செ.மீ. இரண்டையும் அடுத்தடுத்து அந்தக் கோட்டின் மேல் குறித்தால் 7 செ.மீ. வருகிறது. பன்னிரண்டு சென்டிமீட்டரில் ஏழு, அதாவது 7/12.

பிறகு 2/7-ஐக் கோட்டில் காட்டச் சொன்னேன். 12-ஐ ஏழாகப் பிரிப்பது அவர்களுக்குக் கஷ்டம், ஆகவே சுற்றி வந்தோம். 2/6 என்பதும் 1/3 என்பதும் ஒன்றுதான், 4 செ.மீ. ஆறு பங்கு போடுவதைவிட ஏழு பங்கு போட்டால் ஒரு பங்கு சிறுத்துவிடும், ஆகவே 2/7 நாலு சென்டிமீட்டரைவிடக் குறைவு. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “டீச்சர், நாலு செ.மீ. ஏற்கெனவே இருந்தது. இன்னும் மூன்று சேர்த்தபிறகு எப்படிக் குறையும்?”

இதற்காகத்தான் 1/3-ஐ எல்லோருக்கும் பொதுவாக வைத்தேன். சீட்டின் மூன்றாவது பத்தியைப் பாருங்கள். 2/7-இலிருந்து 2/14 வரை எல்லாமே 1/3-ஐவிடக் குறைவு. 2/6 என்றால் சரியாக 1/3, சேர்த்தும் ஒன்றும் கூடவில்லை. 2/5 மட்டும் 1/3-ஐவிட அதிகம், ஆனால் அவர்கள் தொடங்கிய 1/2-ஐவிடக் குறைவு. படியில் அரிசி போடப் போட அளவு இறங்குமா என்று கேட்டால் போதும், புள்ளி வாங்கிய ஒவ்வொருவரும் தன் விடையைத் தானே சோதித்துக்கொள்ளலாம். பதினாலு நோட்டில் பதினாலு விளக்கம் எழுத வேண்டிய வேலை ஒரு கேள்வியில் முடிந்தது: ‘உன் விடை 1/3-ஐவிடப் பெரியதா?’ 0-க்காரர்களுக்கு மட்டும் ‘1/2-ஐவிடப் பெரியதா?’

அடுத்தது தவறவே கூடாத படி. பழைய விடையை அழிக்க விடாதீர்கள். ரப்பர் எடுத்தால் நமக்குத் தடயம் போய்விடும். அதன் கீழே கோடு போட்டு, ‘மறு’ என்று எழுதி, அதே கணக்கைத் திரும்பப் போட வேண்டும். நான் அன்று பார்ப்பது இந்த ‘மறு’ வரியை மட்டுமே, அதுவும் புள்ளி வாங்கியவர்களுடையது மட்டும்.

*மூன்றாம் குவியலுக்கு* பொது விளக்கம் உதவாது, பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பன்னிரண்டில் ஐந்து பேர் 1/4 + 1/3 = 2/12 என்பதுபோல் எழுதியிருந்தார்கள். பொதுப் பகுதியைக் கண்டுபிடித்தாயிற்று, மேலே உள்ள தொகுதிகளை மாற்றவில்லை. இவர்கள் பாதி வழி வந்தவர்கள். அதே 12 செ.மீ. கோட்டில் ‘1/3 என்பது பன்னிரண்டில் எத்தனை?’ என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் அங்கேயே திருந்திவிடும். நான்கு பேருக்கு வாய்ப்பாடு பிழை. முறை சரி, 8 × 3 மட்டும் 21. இவர்களிடம் பின்னத்தைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம், மூன்றாம் வாய்ப்பாட்டை அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். மீதி மூன்று பேர் கணக்கையே தப்பாக எழுதியெடுத்தவர்கள் அல்லது வெறும் பக்கம். அவர்களுக்கு 2-ஆம் அறிகுறி.

எப்போது திரும்ப நடத்துவது? என் எல்லை இது: ஒரே பிழை பத்துப் பேருக்கு மேல் என்றால் மறுநாள் பலகையில், எல்லோருக்கும். ஐந்து பேருக்குக் குறைவு என்றால் மற்றவர்கள் அடுத்த கணக்கைப் போடும்போது அவர்களை மட்டும் மேசைக்குப் பக்கத்தில் அழைத்து. இடைப்பட்டவர்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்ட ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைப்பேன். ஒரு நிபந்தனை உண்டு, விடையைச் சொல்லக்கூடாது, ‘1/3-ஐவிடப் பெரியதா?’ என்று மட்டும் கேட்கலாம்.

‘மறு’ வரியை மூன்று தடவை போட்டும் அதே 2/7 வந்தால் பின்னத்தை நிறுத்திவிட்டுப் பின்னோக்கிப் போங்கள். ஒரு தாளைக் கொடுத்து மூன்று சமப் பங்காக மடிக்கச் சொல்லுங்கள். 2/6 எழுதிய அந்தப் பையன் மூன்று பங்காக மடித்தான், ஆனால் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு. ‘சமம்’ என்பதை அவன் காதில் வாங்கவே இல்லை. அங்கிருந்து தொடங்கி இரண்டு வாரம் ஆயிற்று. தாளை மடிப்பதும் வரவில்லை, 20 வரை எண்ணுவதிலும் தடங்கல் என்றால் அந்தப் பிள்ளைக்கும் சிறப்பாசிரியரின் உதவி தேவை. ஆறாம் வகுப்புப் பாடத்தை அழுத்திப் பயனில்லை.

அறிகுறி 6: நோட்டில் இடையிடையே பக்கங்கள் இல்லை

பலகையில் எழுதும் பயிற்சித்தாளுக்கு ஒரு குறை உண்டு. டஸ்டர் பட்டதும் அது உலகத்திலேயே இல்லை. அன்று வராதவருக்கு எடுத்துக்கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. எங்கள் பக்கம் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் இது பெரிய தொல்லை. தோட்டத்துக்குப் போகும் அம்மாவோடு பிள்ளையும் போய்விடும், அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும். நான் முன்பு வேலை பார்த்த சேலம் பள்ளியில் வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் பண்டிகைக்கு முன் இப்படித்தான் காணாமல் போவார்கள்.

வராதவர் வந்ததும் பக்கத்து நோட்டை வாங்கி ஐந்து நாள் வேலையையும் எழுதச் சொன்னால், பிழையும் சேர்ந்தே நகலாகும். அதற்குப் பதில் வகுப்புக்கு ஒரு மூலநோட்டு வைத்திருக்கிறேன். வாரம் ஒருவர், அன்றன்று பலகையில் இருந்ததைத் தேதியோடு எழுத வேண்டும். எழுதியதை அன்றே நான் பார்த்துக் கையொப்பம் இடுவேன். கயிறு கட்டி ஜன்னல் ஓர ஆணியில் தொங்குகிறது. திரும்பி வந்தவர் எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை, ஒவ்வொரு நாளுக்கும் அந்தக் கடைசி வரிசை எண் கணக்கு மட்டும். அதில் எது வரவில்லையோ அந்த நாளின் மற்றக் கணக்குகளை மட்டும் போடலாம். ஐந்து நாள் விடுபட்டது பெரும்பாலும் ஒரு பாடவேளையில் சரியாகிவிடும்.

தொடர்ந்து இரண்டு வாரம் ஒரே பிள்ளையின் அடுக்கில் நோட்டு வரவில்லை என்றால் மூலநோட்டால் ஆகாது. தலைமையாசிரியரிடம் சொல்லி, பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்த ஊர்க்காரர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மாலை நாலரைக்கு மேல் போங்கள். அதற்கு முன் போனால் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.